தண்ணீர்மலைத் தைப்பூசம்: பந்தல் குப்பையும் இரவுத் துப்புரவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை பிறந்துவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி குப்பையைப் பற்றியவை. தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள், இளைஞர் குழுக்கள், இரவில் துடைப்பம் பிடிக்க வருகிற தொண்டர்கள் என எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன். பினாங்கில் டத்தோ கெராமாட் சாலையிலிருந்து தண்ணீர்மலை அடிவாரம் வரையுள்ள பாதையை மனத்தில் வைத்து எழுதியது இது. பத்துமலைக்காரர்களுக்கும் பாதி பொருந்தலாம்.

எங்கள் பந்தலில் மூவாயிரம் பேருக்குச் சாப்பாடு. எத்தனை தொட்டி வேண்டும்?

தட்டை எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சக்கரம் வைத்த பச்சைத் தொட்டி 240 லிட்டர் கொள்ளும். சாப்பிட்ட காகிதத் தட்டை மடக்கியோ கசக்கியோ வீசினால், அது உள்ளே கோணல்மாணலாகக் கிடந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மூவாயிரம் தட்டுக்கு 3,000 லிட்டர், அதாவது பன்னிரண்டு பதின்மூன்று தொட்டி. தண்ணீர்க் குவளைகளுக்கு மேலும் நான்கு.

அதே தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். ஈரத் தட்டு ஒன்றுக்கு அரை சென்டிமீட்டர் உயரம் என்றால் மூவாயிரம் தட்டும் சேர்ந்து பதினைந்து மீட்டர்தான். அதைத் துண்டு துண்டாகத் தொட்டிக்குள் இறக்கினால் மூன்று தொட்டி, தாராளமாக வைத்தால் நான்கு. குவளைகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போனால் ஒரே தொட்டி போதும். பதினேழு தொட்டி ஐந்தாகிவிடுகிறது. மிச்சச் சோற்றுக்குத் தனியாக இரண்டு சேர்த்து ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பந்தலில் நாங்கள் கேட்டு வாங்குவது இந்த ஏழு தொட்டிகளைத்தான்.

கணக்குப்படி தொட்டி வைத்தோம். இரவு பத்து மணிக்கே நிரம்பி வழிகிறதே?

மேலே சொன்னது இரண்டு நாளைக்குமான மொத்தக் கணக்கு. கூட்டம் அப்படிச் சமமாக வராது. தேர் நெருங்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்திற்கு அறுநூறு பேர் சாப்பிடுவார்கள், மதியம் மூன்று மணிக்கு ஈ ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே பார்க்க வேண்டியது கூட்டம் உச்சமாக இருக்கும் ஒரு மணி நேரத்தில் விழும் குப்பையையும், தொட்டியைக் காலி செய்ய ஆள் வரும் இடைவெளியையும். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டிய கொள்ளளவு.

அடுக்காமல் போட்டால் அறுநூறு பேருக்கு ஒரு மணி நேரத்தில் எண்ணூறு லிட்டர், அதாவது மூன்றரைத் தொட்டி. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை காலி செய்தால் ஏழு தொட்டி தாங்கும். நான்கு மணி நேரம் யாரும் வரவில்லையென்றால் பதினான்கு வேண்டும், ஏழு வைத்தால் வழியும். தேர் வரும் நேரத்தில் லோரி உள்ளே நுழைய முடியாது என்பதை மறந்துவிட்டுப் போடும் கணக்கெல்லாம் இப்படித்தான் முடிகிறது. சாயங்காலத்திலிருந்து நள்ளிரவு தாண்டும் வரை சாலை மக்களுக்குச் சொந்தம். அந்த நேரத்தில் நகரக்கூடியவை தள்ளுவண்டியும் மனிதனும்தான்.

அப்படியானால் தொட்டியை எங்கே வைப்பது?

பந்தல் வாசலில் ஒன்றும், சாப்பிட்டு முடித்துத் திரும்பும் வழியில் மீதியும். சாப்பாட்டை வாங்கிய கை காலியாவதற்கு இருபது முப்பது அடி நடை ஆகும். அந்த இடத்தில் தொட்டி இல்லையென்றால் அடுத்தது மரத்தடி, அதற்கடுத்தது கால்வாய்ச் சுவர். முதல் தட்டு அங்கே உட்கார்ந்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் ஐம்பது தட்டு அதற்குத் துணை சேர்ந்துவிடும்.

இன்னொன்று: தொட்டிக்குப் பின்னால் தள்ளுவண்டி போகும் அளவுக்குச் சந்தோ நடைபாதையோ இருக்க வேண்டும். பக்கவாட்டுச் சாலையில் ஓர் இடத்தைச் சேமிப்பு இடமாகக் குறித்துக்கொண்டு, நிரம்பிய பைகளை அங்கே கொண்டுபோய் வையுங்கள். லோரி கூட்டத்திற்குள் வராமலேயே நள்ளிரவுக்குப் பின் அங்கிருந்து அள்ளிக்கொண்டு போகும். ஒரு வருடம் தொட்டிகளை வரிசையாகக் கூடாரத்தின் பின்சுவரோடு ஒட்டி அழகாக வைத்திருந்தார்கள். நிரம்பிய பையை வெளியே எடுக்க, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. பை கிழிந்தது. அதன் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம்.

தட்டை அடுக்கச் சொன்னால் பக்தர்கள் கேட்பார்களா?

பலகையில் எழுதி வைத்தால் கேட்கமாட்டார்கள். ஆளை நிறுத்தினால் கேட்பார்கள். தொட்டிகளுக்கு முன்னால் ஒரு மேசை, அதன் பின்னால் கையுறை போட்ட இருவர். வருகிறவரிடம் தட்டைக் கை நீட்டி வாங்கி, மிச்சத்தை வாளியில் தட்டி, அடுக்கின் மேல் வைக்க வேண்டும். முதல் பத்துப் பேருக்குச் செய்து காட்டினால் பதினோராவது ஆள் தானாகவே மிச்சத்தைத் தட்டிவிட்டுக் கொடுப்பார். பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரைப் பார்த்துத்தான் நடக்கிறார்.

குவளைக்கு இன்னும் எளிய வழி உண்டு. நான்கு அங்குலப் பிளாஸ்டிக் குழாயை இடுப்பு உயரத்திற்கு அறுத்து, மேசைக் காலில் செங்குத்தாகக் கட்டிவிடுங்கள். சாதாரணக் குவளையின் வாய் அதற்குள் இலேசாக நுழையும். பக்தர்கள் ஒவ்வொன்றாகப் போடப் போட அது உள்ளேயே தன்னால் அடுக்கிக்கொள்ளும். நிரம்பியதும் குழாயை அப்படியே கவிழ்த்தால் நீளமான குச்சியாகக் குவளைகள் வெளியே வரும். சிறுவர்களுக்கு இது விளையாட்டு. தண்ணீர் குடிக்காத பிள்ளைகூட இன்னொரு குவளை கேட்டு வரும்.

மீந்த மோரையும் சாம்பாரையும் கால்வாயில் ஊற்றினால் என்ன? தண்ணீர்தானே?

அந்தக் கால்வாய் ஓடிப் போய்ச் சேருவது தண்ணீர்மலை ஆற்றில், அங்கிருந்து பினாங்கு ஆற்றில். மோர், பால், பாயசம் மூன்றும் தண்ணீரிலுள்ள உயிர்வளியைத் தின்றுவிடும். ஒரு பந்தல் ஊற்றினால் தெரியாது. பாதை நெடுக இருக்கும் பந்தல்கள் அத்தனையும் ஒரே இரவில் ஊற்றினால் மறுநாள் வெயிலில் கால்வாயே சொல்லும்.

பையில் போட்டாலும் சரிவராது. 240 லிட்டர்த் தொட்டி தாங்கும் எடை ஏறத்தாழ 96 கிலோ, அதாவது லிட்டருக்கு 0.4 கிலோ. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. நீர்க்கச் சாம்பார் நிறைந்த தொட்டியை இரண்டு பேர் இழுத்தால் அச்சு வளையும், பை அடியில் பிய்யும். சல்லடை வைத்த வாளியில் வடித்து, நீரை மூடியுள்ள பீப்பாயில் சேர்த்து, கழிவுநீர்க் குழாய் இணைப்புள்ள இடத்தில் கொட்டுங்கள். கோயில் அடுப்படியிலோ பக்கத்து மண்டபத்திலோ முன்கூட்டியே கேட்டு வைத்தால் மறுக்கமாட்டார்கள். வடை பொரித்த எண்ணெயை இதனுடன் கலக்காதீர்கள். ஆறவிட்டு டின்னில் அடைத்தால் பழைய எண்ணெய் வாங்குகிறவர் காசு கொடுத்தே எடுத்துப் போவார்.

மறுசுழற்சித் தொட்டி மூன்று நிறத்தில் வைத்தோம். எல்லாம் கலந்துவிட்டதே?

நீலம் காகிதத்திற்கு, பழுப்பு கண்ணாடிக்கு, ஆரஞ்சு பிளாஸ்டிக்கிற்கும் அலுமினியத்திற்கும் என்பது பேரங்காடி வாசலில் நிற்கிறவருக்கு நினைவில் இருக்கும். ஒரு கையில் பிள்ளை, மறுகையில் பால்குடம் என்று நடக்கிறவர் எந்தத் தொட்டி அருகில் இருக்கிறதோ அதில்தான் போடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பந்தலில் கண்ணாடியே கிடையாது, காகிதமெல்லாம் சாம்பார் பட்டது. விலைக்குப் போவது தண்ணீர்ப் போத்தலும் அட்டைப்பெட்டியும்தான். போத்தலுக்கு வலைப்பை மாட்டுங்கள். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிவதால் வேறு எதையும் போடக் கை கூசும். அட்டைப்பெட்டிகள் பந்தலின் பின்பக்கத்தில் உருவாகின்றன, அதை உங்கள் ஆட்களே மடித்துக் கட்டி வைத்துவிடலாம். மற்றதெல்லாம் ஒரே வகைக் குப்பை என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

தேங்காய்ச் சில்லையும் அதே தொட்டியில் போடலாமா?

கூடாது. எடையைப் பாருங்கள். உரித்த தேங்காய் உடைந்தால் அரைக் கிலோவுக்குக் கிட்டத்தட்ட ஓடும் பருப்பும் மிஞ்சும். ஆயிரம் காய் உடைத்தால் அரை டன். முன்பு சொன்ன 96 கிலோ வரம்போடு ஒப்பிட்டால் உங்களுக்கே புரியும். சக்கரத் தொட்டியில் சில்லைக் கொட்டி நடைபாதை விளிம்பில் ஏற்றும்போது உடையும் சக்கரங்களை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அரைத்து அழுத்தும் லோரிக்கும் அது ஒவ்வாது. அழுத்தும்போது மிஞ்சிய தேங்காய்த் தண்ணீர் பிழியப்பட்டு லோரியின் பின்வாயிலிருந்து சொட்டிக்கொண்டே போகும். எண்ணெய்ப் பசையுள்ள அந்த ஈரத்தில் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள் சறுக்கும். தேங்காய்க்கென்று லோரியிலிருந்து இறக்கி வைத்து ஏற்றிப் போகும் பெரிய திறந்த இரும்புத் தொட்டியே ஏற்றது. அதை முதல் நாள் பகலிலேயே பக்கச் சாலையில் இறக்கிவிட வேண்டும், சாயங்காலம் இடம் கிடைக்காது.

தேர் கடந்ததும் தொண்டர்கள் என்ன செய்ய வேண்டும்? எல்லோரும் ஒரே நேரத்தில் பெருக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

வரிசை தப்பினால் ஒரே சாலையை மூன்று முறை பெருக்க நேரும். நூறு மீட்டர்ப் பகுதி ஒன்றை எட்டுப் பேர் எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். தேருக்கு முன்னால் தேங்காய் உடைபட்டவுடன், தேர் மாடுகளும் வெறுங்காலோடு வருகிற பக்தர்களும் நடக்க வேண்டும். ஆகவே முதல் வேலை வழி விடுவது. இருவர் அகலமான மரப்பலகைத் தள்ளியால் சில்லுகளைச் சாலையின் நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் தள்ளினார்கள். அந்த நேரத்தில் அள்ளக் கூடாது. குனிந்து அள்ளுகிறவன் மேல் அடுத்த தேங்காய் விழும். இது கேலியல்ல, ஒருவருக்கு முழங்கையில் பட்டது.

தேரும் கூட்டமும் கடந்த பிறகு நால்வர் தட்டையான அகன்ற மண்வாரியால் ஓரக் குவியல்களை அள்ளித் தள்ளுவண்டியில் போட்டார்கள். மண்வாரி இயந்திரம் வரும்போது யாரும் அதன் பின்னால் நிற்கக் கூடாது. அதைக் கவனிக்க மட்டுமே ஒருவர் விசிலோடு நின்றார். எட்டாமவர் கால்வாய்த் திறப்புகளில் வலை விரித்து, நிரம்பியதும் மாற்றிக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் ஈர்க்குமாறு. தண்ணீர் பீய்ச்சுவது கடைசி. முதலில் பீய்ச்சினால் சில்லு, பூ, கற்பூரச் சாம்பல் எல்லாம் குழம்பாகிக் கால்வாய்க்குள் இறங்கிவிடும். சாலை பளபளப்பாகத் தெரியும், ஆனால் அந்தக் குப்பை எங்கும் போகவில்லை.

சுத்தமாகிவிட்டதா என்று இருட்டில் எப்படித் தெரியும்?

கைவிளக்கைத் தலைக்கு மேலே பிடித்துப் பார்க்காதீர்கள். சாலையில் படுக்க வைத்து அதன் ஒளியைத் தரையோடு தரையாக ஓடவிடுங்கள். விரல்நகம் அளவுள்ள ஓட்டுத் துணுக்குகூட நீளமான நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். மறுநாள் காலையில் காவடியோடு வெறுங்காலில் வருகிறவரின் பாதத்தில் ஏறுவது இந்தத் துணுக்குதான். பெரிய சில்லாக இருந்தால் அவரே விலகி நடந்துவிடுவார்.

பைகளை விடிந்த பிறகு எடுத்தால் என்ன? ஆட்களுக்கு உறக்கம் வேண்டாமா?

உறக்கம் வேண்டும், அதனால்தான் இரண்டு அணி: மாலை ஆறு முதல் நள்ளிரவு, நள்ளிரவு முதல் காலை ஆறு. ஆனால் பை மட்டும் விடியும் வரை சாலையில் இருக்கக் கூடாது. தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவின் நீளவால் குரங்குகள் இருக்கின்றன. அவற்றுக்கு எந்தப் பந்தலில் கேசரி போட்டார்கள் என்பது பொழுது புலரும்போதே தெரிந்துவிடும். கறுப்புப் பையின் முடிச்சை அவிழ்க்க அவை முயல்வதில்லை, அடிவயிற்றைக் கிழித்து உருவும். ஒரு பைக்கு ஐந்து மீட்டர் சுற்றளவில் சோறு சிதறும்.

குரங்கு இல்லாத பகுதியிலும் நம் வெப்பத்தில் தேங்காய்ப் பருப்பும் பாலும் சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும், ஈ மொய்க்கும். காலை ஐந்து மணிக்குள் சேமிப்பு இடம் காலியாக வேண்டும் என்று லோரிக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

காவடி ஊசி, இரத்தம் பட்ட துணி கிடந்தால்?

கையால் தொடாதீர்கள், துணிக் கையுறையோடும் தொடாதீர்கள். இடுக்கியால் எடுத்து, திருகு மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் கேனில் போடுங்கள். எண்ணெய் வந்த ஐந்து லிட்டர்க் கேன் போதும். முக்கால் பாகம் நிரம்பியதும் மூடி, முதலுதவிக் கூடாரத்தில் ஒப்படைக்க வேண்டும். மருத்துவக் கழிவைச் சாதாரணக் குப்பை லோரியில் ஏற்றக் கூடாது. கையில் குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, காலம் தாழ்த்தாமல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். “சாமி காரியம், ஒன்றும் ஆகாது” என்று ஒரு பெரியவர் சொல்வார். அவரை வணங்கிவிட்டு ஆளை மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

மலைப்படியில் தொட்டி வைக்கலாமா?

513 படி. படியில் வைத்த தொட்டி கூட்டத்தில் கவிழ்ந்தால் அது கீழே உருண்டு வரும். படிகள் சமதளமாகும் இடங்களில் மட்டும், கைப்பிடிக் கம்பியோடு கட்டிய வளையத்தில் பையை மாட்டுங்கள். பாதி நிறைந்ததுமே, இறங்குகிற தொண்டரிடம் கொடுத்துவிட வேண்டும். பால்குடம் எடுத்தவர்கள் விட்டுச் செல்லும் வாழைநார், நூல், பூச்சரம் ஆகியவைதான் அங்கே அதிகம், எடை குறைவு. ஏறுகிற வழியில் பை இறக்க முயலாதீர்கள்.

இதற்கெல்லாம் மாநகராண்மைக் கழகத் தொழிலாளர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். சாலையைப் பெருக்குவதும் இயந்திரமும் லோரியும் அவர்கள் பொறுப்பு. பந்தலுக்குள் உருவாகிற குப்பையைப் பையில் கட்டிச் சேமிப்பு இடம் வரை சேர்ப்பது நம் பொறுப்பு. இந்த எல்லையை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால்தான் இரு தரப்பும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள். நான் தொண்டு செய்த ஒரு பந்தலில், ஏற்பாட்டாளர்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு நள்ளிரவில் போய்விட்டார்கள். சோற்று அண்டா கவிழ்ந்தபடி கிடந்தது. இரண்டு வங்காளதேசத் தொழிலாளர்கள் அதைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வாய் தேநீர்கூட மிச்சம் வைக்கவில்லை.

சட்டமும் உண்டு. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி பொது இடத்திலும் கால்வாயிலும் குப்பை போடுவது குற்றம். 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி 2,000 ரிங்கிட் வரை அபராதத்தோடு, 12 மணி நேரம் வரை சமூகச் சேவையும் விதிக்கலாம்.

‘மக்கும்’ என்று எழுதிய தட்டு வாங்கியிருக்கிறோம். அப்புறம் எதற்கு இத்தனை கவலை?

தீவின் குப்பை பத்து மாவுங் மாற்று நிலையத்திற்குப் போய், அங்கிருந்து பெருநிலத்தில் நிபோங் தெபால் பக்கமுள்ள புலாவ் பூரோங் குப்பைமேட்டிற்குச் செல்கிறது. அங்கே ‘மக்கும்’ தட்டும் மற்ற குப்பையோடு காற்றில்லாமல் புதைந்து மெதேன் வாயுவைத்தான் உண்டாக்கும். 2022 ஜனவரியில், தைப்பூசத்திற்குச் சில நாட்களுக்கு முன், அந்த மேடு தீப்பிடித்து நாட்கணக்கில் புகைந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

எழுத்தைப் பார்த்து வாங்காதீர்கள், தட்டு அடுக்கத் தோதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே அளவு, விறைப்பான விளிம்பு. வாழையிலை வைத்தால் இன்னும் நல்லது, சுருட்டிவிட்டால் இடமே பிடிக்காது. பாலிஸ்டைரின் பெட்டி பினாங்கில் செல்லாது, யாராவது மலிவாகத் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

மூன்றாம் நாள் கிளம்பும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கூடாரம் நின்ற புல்வெளியை. பிளாஸ்டிக் கட்டுப்பட்டையின் நறுக்கிய நுனி, தோரணக் கம்பி, ஆணி என இவையெல்லாம் பெருக்குமாற்றுக்கு அகப்படாது. முன்பு சொன்ன படுத்த விளக்கு புல்லில் பயன்படாது, பகல் வெளிச்சம்தான் வேண்டும். நான்கு பேர் கைகோத்து நிற்கும் தூரத்தில் வரிசையாக ஒருமுறை நடந்து, பிறகு குறுக்கே ஒருமுறை நடங்கள். ஆணிக்கு, கயிற்றில் கட்டிய பழைய ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்றைத் தரையில் இழுத்துக்கொண்டு போனால் போதும். சென்ற முறை எங்களுக்கு ஒரு பிடி ஆணியும், யாரோ ஒருவருடைய வீட்டுச் சாவியும் கிடைத்தன.